ஹால் டியூட்டி: ஆளுக்கு ஐந்து போட்டால் சமமாகிவிடுமா?

கேள்வி: தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கிறேன். இந்த வருஷம் தேர்வுப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. மொத்தம் 40 ஆசிரியர்கள். அதில் இரண்டு பேர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறவர்கள். காலாண்டுக்கு ஒவ்வொரு நாளும் அறை எண்ணை எழுதி, எதிரே ஒரு பெயரைப் போட்டு லிஸ்ட் தயாரித்தேன். மூன்றாம் நாள் ஒரே ஆசிரியர் பெயர் இரண்டு அறையில் இருந்தது. பரீட்சை முடிந்ததும் ஓவிய ஆசிரியர் லிஸ்ட்டை மேஜையில் வைத்து, "எனக்கு 9, தமிழ் மிஸ்ஸுக்கு 3. எண்ணிப் பாருங்க" என்றார். பேப்பர் திருத்தும் வேலை அவருக்கு இல்லை என்பதால்தான் அப்படிப் போட்டேன். சொல்வதை எழுதுபவர் வைத்து எழுதும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் அறையில் இருந்த ஆசிரியைக்கு மதியமும் டியூட்டி போட்டிருந்தேன், அவர் சாப்பிடவே இல்லை. அரையாண்டு ஆறு நாள் நடக்கும். அதற்குள் இன்னொரு ஆசிரியைக்கு எட்டாம் மாதம். ஆள் போதவில்லை என்கிறேன், பிரின்சிபால் "நீங்களே அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்கிறார். பேசாமல் எல்லாருக்கும் தலா ஐந்து டியூட்டி போட்டுவிடலாமா? முடியாது என்பவர்களுக்கு மெமோ கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

டீச்சர், கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அறைப் பட்டியலையும் கால அட்டவணையையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் இந்த லிஸ்ட்டால் வந்த சண்டைகளைப் பலமுறை தீர்த்து வைத்திருக்கிறேன், அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியில் ஆள் பற்றாக்குறை இல்லை. தாராளமாகவே இருக்கிறார்கள்.

காலையில் 6, 8, 10, 12 வகுப்புகள், மதியம் 7, 9, 11. வகுப்புக்குச் சுமார் 80 பேர், அறைக்கு 30 பேர். காலையில் 6-ம் 8-ம் சேர்த்து ஆறு அறை, இரண்டு மணி நேரத் தேர்வு. 10-ம் 12-ம் சேர்த்து ஆறு அறை, 10 மணிக்குத் தொடங்கி 1.15 வரை. அந்த மாணவனுக்குத் தனி அறை ஒன்று. கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்பதால் அது 2.15-க்குத்தான் முடியும். மதியம் 7-ஆம் வகுப்புக்கு மூன்று அறை, 9-க்கும் 11-க்கும் சேர்த்து ஆறு அறை. ஆக காலையில் 13 பேர், மதியம் 9 பேர். வேளைக்கு இரண்டு மாற்று ஆசிரியர்கள் வேண்டும். மொத்தம் ஒரு நாளைக்கு 26 டியூட்டி. சில நாள் சில வகுப்புக்குத் தேர்வு இருக்காது, ஆனாலும் எல்லா நாளும் நிறைந்த நாளாகவே வைத்துக்கொள்வோம்.

40 பேரில் 26 பேர். யாரையும் ஒரே நாளில் காலையும் மதியமும் நிற்க வைக்க வேண்டியதே இல்லை. கணக்குத் தேர்வு நாளில் உங்களையும் சேர்த்து ஆறு கணக்கு ஆசிரியர்களை முழுக்க விலக்கி, அன்று வராத ஒரு பகுதிநேர ஆசிரியரையும் கழித்தால் 33 பேர் மிஞ்சுகிறார்கள். அப்போதும் ஏழு பேருக்கு அன்று டியூட்டியே கிடையாது. காலாண்டில் ஆள் போதாததுபோல் இருந்ததற்குக் காரணம், பேப்பர் அதிகம் உள்ளவர்களையும் மூத்தவர்களையும் மனதிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த கொஞ்சம் பேரை வைத்து ஓட்டியதுதான்.

ஆளுக்கு ஐந்து என்றால்

ஆளுக்கு ஐந்து என்று போட்டால் 200 டியூட்டி வரும். ஆறு நாளுக்கும் சேர்த்து உங்களுக்குத் தேவை 156 தான். அதை விடுங்கள், எண்ணிக்கையை நான்காகக் குறைத்தாலும் வேறொரு கோளாறு இருக்கிறது. ஒருவருக்கு நான்குமே பன்னிரண்டாம் வகுப்பு அறையாக அமைந்தால் 13 மணி நேரம். இன்னொருவருக்கு நான்கும் ஆறாம் வகுப்பாக அமைந்தால் 8 மணி நேரம். மூன்றாமவர் நான்கு வேளையும் மாற்று ஆசிரியராக இருந்தால், பெரும்பாலும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். லிஸ்ட்டில் மூவருக்கும் "4" என்றுதான் இருக்கும்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்துக்குப் புள்ளி வையுங்கள். இரண்டு மணி நேர அறைக்கு 2, மூன்றேகால் மணி நேர அறைக்கு 3, எழுதுபவர் அறைக்கு 4, மாற்று ஆசிரியருக்கு 1. "ஆறாம் வகுப்பில் 'மிஸ் பென்சில் உடைஞ்சிருச்சு, மிஸ் நூல் குடுங்க' என்று இரண்டு மணி நேரம் உட்கார விடமாட்டார்கள், அதற்கு 3 வேண்டும்" என்று யாராவது கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைத் தாண்டி ஒரு படி போனால் ஒவ்வொருவரும் ஒரு கஷ்டத்தோடு வருவார்கள், உங்களால் முடிக்க முடியாது. நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக் கணக்கிட்டால் காலைக்கு 36 புள்ளி, மதியத்துக்கு 26. நாளைக்கு 62, ஆறு நாளைக்கு 372. இனி இதை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். முழுப் பங்கு எடுக்கக்கூடியவர்கள் 36 பேர். பகுதிநேர ஆசிரியர்கள் இருவரும், எட்டாம் மாதத்தில் இருக்கும் ஆசிரியையும், தேர்வுப் பொறுப்பைச் சுமக்கும் நீங்களும் ஆளுக்குப் பாதிப் பங்கு. உங்களுக்குப் பாதி எதற்கு என்று தயங்காதீர்கள். வினாத்தாள் கட்டைப் பிரிப்பதிலிருந்து விடைத்தாளை எண்ணி வாங்குவதுவரை உங்கள் வேலை ஹாலுக்கு வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பூஜ்யமும் வேண்டாம். லிஸ்ட் போடுகிறவர் ஹாலுக்கே போகவில்லை என்ற பேச்சு வந்தால் மற்ற எதுவும் எடுபடாது. மொத்தம் 38 பங்கு. 372-ஐ 38-ஆல் வகுத்தால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுப் பங்குக்கு 10 புள்ளி, பாதிப் பங்குக்கு 5.

ஓவிய ஆசிரியர் சொன்னதில் உள்ள நியாயம்

பேப்பர் திருத்துகிறவர்களுக்குச் சலுகை தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 160 விடைத்தாளுக்கு, ஒன்றுக்கு ஆறு நிமிஷம் என்று வைத்தாலே 16 மணி நேரம். அது வேலைதான். நீங்கள் சறுக்கியது, அந்தச் சலுகையின் பாரம் யார் மேல் விழுகிறது என்று பார்க்காததில். உங்கள் பள்ளியில் 120 பேப்பருக்கு மேல் திருத்துகிறவர்கள் பத்துப் பேர், பேப்பரே இல்லாதவர்கள் நான்கு பேர். பத்துப் பேருக்குத் தலா 2 புள்ளி குறைத்தால் 20 புள்ளி. அதை ஓவியம், உடற்கல்வி, இசை, நூலகம் என்று அந்த நால்வர் தலையில் மட்டும் கட்டினால் ஆளுக்கு 5 கூடும், அதாவது 15 புள்ளி. காலாண்டில் நடந்தது இதுதான்.

அதே 20 புள்ளியை முழுப் பங்கு எடுக்கும் மற்ற 26 பேருக்கும் பரப்பிப் பாருங்கள். பத்துப் பேருக்கு 8, பாதிப் பங்குக்காரர்கள் நால்வருக்கு 5 போக மிஞ்சுவது 272. இதில் 14 பேருக்கு 10, 12 பேருக்கு 11 என்று கச்சிதமாக முடிந்துவிடுகிறது. ஒரு புள்ளி கூடியதற்கு யாரும் மேஜையில் லிஸ்ட்டைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். 11 யாருக்கு, 10 யாருக்கு என்பதை எல்லார் முன்னாலும் சீட்டுப் போட்டு எடுங்கள், அடுத்த தேர்வில் மாற்றிக்கொள்ளலாம். 2 புள்ளிக்கு மேல் குறைக்காதீர்கள். அதற்கு மேல் உதவ நினைத்தால், நாளைப் பார்த்து உதவுங்கள். தன் பாடத் தேர்வுக்கு மறுநாள் காலை டியூட்டி இல்லாமல் இருந்தால், திருத்துகிறவருக்கு அது இரண்டு புள்ளியைவிடப் பெரிய உதவி.

இன்னொன்று. ஓவிய ஆசிரியரிடம் காலாண்டுக் கணக்கைத் திருப்பித் தாருங்கள். அவருக்கு அப்போது கூடுதலாக விழுந்ததை அரையாண்டில் இரண்டு, மூன்று புள்ளியாவது குறைத்து, ஏன் குறைத்தீர்கள் என்று லிஸ்ட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். உடற்கல்வி ஆசிரியருக்கும் அதேபோல் விழுந்திருந்தால் அவருக்கும்.

லிஸ்ட்டைத் திருப்பிப் போடுங்கள்

ஒரே பெயர் இரண்டு அறையில் வந்ததற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. அறை எண்ணுக்கு எதிரே பெயர் எழுதும் முறையில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 13 வரியில் ஒரு பெயர் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று கண்ணால்தான் தேட வேண்டும்.

இடப்பக்கம் கீழே கீழே 40 பெயர்கள், மேலே 12 வேளைகள் என்று கட்டம் போடுங்கள். ஒரு ஆசிரியருக்கு ஒரு வேளையில் ஒரு கட்டம்தான் இருக்கும், அதில் ஒரு எண்ணைத்தான் எழுத முடியும். இரண்டு அறை என்ற பேச்சே எழாது. கட்டத்துக்குள் அறை எண்ணை எழுதாமல் புள்ளியை மட்டும் எழுதுங்கள்: 2, 3, 4 அல்லது 1. கணினியில் எக்செல் போன்ற ஒன்றில் பெயர்கள் 2-ஆம் வரியிலிருந்து 41 வரை, வேளைகள் B முதல் M வரை என்று வைத்தால், இந்த மூன்று சூத்திரம் போதும்:

```
=SUM(B2:M2)
=COUNTIF(B$2:B$41,3)
=COUNTIFS(B2:L2,4,C2:M2,">0")
```

முதலாவது ஒருவரின் மொத்தப் புள்ளி. இரண்டாவதை ஒவ்வொரு வேளைக்கும் கீழே போட்டால் மூன்றேகால் மணி நேர அறைகளுக்கு ஆறு பேர் இருக்கிறார்களா என்று தெரியும். கடைசி 3-ஐ 2, 4, 1 என்று மாற்றி மற்றவற்றையும் பாருங்கள். மூன்றாவது, எழுதுபவர் அறையில் இருந்தவருக்கு அடுத்த வேளையும் விழுந்திருக்கிறதா என்று சொல்லும். பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அவருக்கு அன்று மதியச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

நிரப்பும் வரிசைதான் முக்கியம். முதலில் யாரைப் போடக்கூடாதோ அந்தக் கட்டங்களைச் சாம்பல் நிறமாக்குங்கள்: பகுதிநேர ஆசிரியர் வராத நாள், அவரவர் பாடத் தேர்வு நாள், ஏற்கெனவே அனுமதித்த விடுப்பு. பாட ஆசிரியரை அன்று ஹாலில் போடாததற்குச் சந்தேகம் மட்டும் காரணமில்லை. வினாத்தாளில் அச்சுப்பிழை இருந்தால் அறை அறையாகப் போய்த் திருத்தம் சொல்ல அவர் வெளியே இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் ஐந்தாறு அறையிலிருந்து "சார், 14-ஆம் கேள்வியில் படம் இல்லை" என்று ஆள் வரும்போது, அவர் வேறொரு ஹாலில் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

அடுத்து, யாரை வேண்டுமானாலும் போட முடியாத இடங்கள். எழுதுபவர் அறைக்கு ஆறு நாளுக்கு ஆறு வெவ்வேறு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து 4 எழுதி, அன்று மதியக் கட்டத்தையும் சாம்பலாக்குங்கள். பிறகு பாதிப் பங்குக்காரர்களை அவர்களுக்கு ஒத்துவரும் நாட்களில் முடித்துவிடுங்கள். அதன் பிறகுதான் மற்றவர்கள். ஒவ்வொரு வேளையாகப் போய், அதுவரை யாருக்கு மொத்தம் குறைவாக இருக்கிறதோ அவரை முதலில் எடுங்கள், அன்று இன்னொரு வேளை இருந்தால் தாண்டிவிடுங்கள். எளிதானவர்களை முதலில் நிரப்பினால் கடைசி நாளில் எழுதுபவர் அறைக்கு ஆள் தேடி அலைவீர்கள், கிடைப்பவர் எப்போதும் மறுத்துப் பேசாத ஒரே ஆசிரியராகத்தான் இருப்பார்.

எந்த அறை என்பதை லிஸ்ட்டில் முடிவு செய்யாதீர்கள். பொதுத்தேர்வு மையங்களில் அன்று காலை குலுக்கல் போட்டு அறை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே இங்கும் செய்யலாம். ஒன்பதரைக்குத் தேர்வு அறை மேஜையில் சீட்டு எடுத்துக்கொண்டு, வினாத்தாள் கட்டையும் விடைத்தாளையும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஃபேன் ஓடாத அறை எனக்கே வருகிறது என்ற புகார் அதோடு நின்றுவிடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் தரைத்தள அறைகளைத் தனியாக வைத்து, அவர்களுக்குள் சீட்டுப் போடுங்கள்.

மாற்று ஆசிரியரும் கடைசி நேர மாற்றங்களும்

மாற்று ஆசிரியர் இரண்டு பேரையும் ரிலீவராகச் சுற்ற அனுப்பிவிடுவது பல பள்ளிகளில் வழக்கம். பத்தரைக்கு ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அனுப்ப ஆள் இருக்காது. ஒருவர் அறை அறையாகப் போய்ப் பத்து நிமிஷம் விடுவிக்கட்டும். மற்றவர் தேர்வு அறையை விட்டு நகரவே கூடாது. அவர் ஹாலுக்குப் போக நேர்ந்தால் அன்றே கட்டத்தில் உள்ள 1-ஐ அழித்து அந்த அறைக்கு உரிய புள்ளியை எழுதுங்கள். லிஸ்ட்டில் போட்ட புள்ளி வேறு, உண்மையில் நின்ற புள்ளி வேறு. அடுத்த தேர்வுக்கு எடுத்துப் போக வேண்டியது நின்ற புள்ளியைத்தான்.

ஆசிரியர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதைத் தடுக்காதீர்கள், ஆனால் வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஒரு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, முந்தைய நாள் நான்கு மணிக்குள் உங்களிடம் காட்ட வேண்டும். 3-க்கு 3 மட்டுமே மாறும். புதிதாக நிற்பவரின் கட்டம் சாம்பலாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். பாதி மோதல்கள் இந்த மாற்றத்தில்தான் புகுகின்றன. தமிழ் ஆசிரியை நல்ல மனதோடு தோழிக்காக ஒரு வேளை ஏற்பார், அன்று தமிழ்த் தேர்வு என்பது இருவருக்குமே நினைவிருக்காது.

தேர்வன்று காலையில் போனில் விடுப்பு சொல்கிறவரின் புள்ளி அடுத்த தேர்வுக்கு அவர் கணக்கில் ஏறட்டும். முன்கூட்டியே அனுமதி பெற்ற மருத்துவ விடுப்புக்கு அப்படி ஏற்றாதீர்கள்.

எட்டாம் மாத ஆசிரியை

இதை ஸ்டாஃப் ரூம் பேச்சுக்கு விடாதீர்கள், சட்டம் தெளிவாக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்திலேயே வந்த பாதுகாப்பு இது. பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கும் முந்தைய ஒரு மாதமும், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் நீண்ட நேரம் நிற்கும் வேலையைத் தரக்கூடாது. "கேட்டுக்கொண்டால்" என்பதைக் கவனியுங்கள். அவர் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. நீங்களே அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, பிரின்சிபால் கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். அவருக்கு 5 புள்ளியும் மாற்று ஆசிரியர் இடத்திலேயே வரட்டும், ஐந்து வேளை. உட்கார்ந்தபடி விடைத்தாள் கட்டுகளை எண்ணி, வராதவர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. ஒன்று மட்டும்: அந்த வேளைகளில் ஹாலுக்கு ஓட ஒரே ஒரு மாற்று ஆசிரியர்தான் இருப்பார். அதனால் அன்று டியூட்டி இல்லாதவர்களில் ஒருவரிடம் "கூப்பிட்டால் வர வேண்டியிருக்கும்" என்று சொல்லி வையுங்கள். பாக்கி 5 புள்ளியை அவர் பெயரில் கடனாக எழுதாதீர்கள்.

பகுதிநேர ஆசிரியர்கள் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் இல்லாத நாளில் "ஒரு நாள்தானே" என்று கூப்பிட்டால், அந்த நாளுக்குப் பள்ளி சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். பிரின்சிபாலிடம் கேட்காமல் நீங்களாகக் கூப்பிட வேண்டாம்.

மெமோ

பள்ளியின் சொந்தத் தேர்வில் ஹால் டியூட்டி என்பது ஆசிரியர் வேலையில் அடங்கியதுதான். பொதுத்தேர்வுப் பணிக்குத் தருவதுபோலத் தனி உழைப்பூதியம் கேட்க இங்கே வழியில்லை. காரணமில்லாமல் மறுத்தால் நிர்வாகம் விளக்கம் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியது பிரின்சிபால், நீங்கள் இல்லை. தேர்வுப் பொறுப்பாளர் சக ஆசிரியருக்கு மெமோ கொடுக்க முடியாது, அப்படி ஒன்றில் உங்கள் கையெழுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலாண்டு லிஸ்ட்டை வைத்து யாருக்கும் மெமோ கொடுத்தால், பதிலில் அந்த 9-ம் 3-ம்தான் முதலில் வரும் என்பதையும் பிரின்சிபாலிடம் சொல்லுங்கள்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. புள்ளி முறை, 2 புள்ளிச் சலுகை, மாற்றும் நோட்டு, விடுப்பு விதி இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, சர்குலராக அவர் பெயரில் அனுப்பச் சொல்லுங்கள். "நீங்களே அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பதற்கு அது போதுமான பதில். தேர்வு தொடங்க ஒரு வாரம் முன்பு வரைவு லிஸ்ட்டை, எல்லாருடைய மொத்தப் புள்ளியும் தெரியும்படி, ஸ்டாஃப் ரூமில் ஒட்டுங்கள். ஆட்சேபணைக்கு இரண்டு நாள் கொடுங்கள். எப்படியும் நான்கைந்து வரும், அதில் ஒன்றிரண்டு நீங்கள் கவனிக்காத உண்மையான மோதலாக இருக்கும். அவற்றைச் சரிசெய்து, மூன்றாம் நாள் பிரின்சிபால் கையெழுத்தோடு இறுதி லிஸ்ட்டை ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த மாற்றமும் அந்த நோட்டு வழியாகத்தான்.